நீண்ட மௌனத்துக்குப் பின் தோழிக்கு எழுதும் மன்னிப்புக் கடிதம்: மூன்று வழிகளின் ஒப்பீடு

மனம் சோர்ந்து கிடந்த மாதங்களில் நெருங்கிய தோழியின் செய்திகளுக்குப் பதில் அனுப்பாமல் இருந்துவிட்ட ஒருவர், சற்றுத் தேறிய பிறகு அவளிடம் திரும்பிச் செல்ல நினைக்கும்போது, பொதுவாக மூன்று வழிகள் அவர்முன் இருக்கின்றன. எதுவும் நடக்காததுபோல ஒரு பண்டிகை வாழ்த்துடன் பேச்சைத் தொடங்குவது முதல் வழி. நடந்ததை எல்லாம் விரிவாக எழுதி, தம் நிலையை முழுமையாகப் புரியவைக்க முயல்வது இரண்டாவது வழி. எந்த இடத்தில் தாம் இல்லாமல் போனோம் என்பதைப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டு, காரணத்தை அளவோடு சொல்லி நிறுத்திக்கொள்ளும் குறுங்கடிதம் மூன்றாவது. மூன்றுமே நல்லெண்ணத்தில் பிறப்பவைதான் என்றாலும், பெறுபவரின் கையில் அவை ஒரே மாதிரியாகப் போய்ச் சேர்வதில்லை.

இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவர் சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் ஒரு தாதி. அவருடைய அனுமதியுடன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இங்கே எழுதுகிறேன். உயர்நிலைப் பள்ளி நாள்களிலிருந்து அவருக்கு ஒரு தோழி உண்டு. இப்போது ஜூரோங் வெஸ்ட்டில் குடும்பத்துடன் இருக்கிறார். தாதி மனச்சோர்வில் விழுந்து, வேலைக்குப் போவதும் உறங்குவதும் தவிர வேறெதற்கும் வலுவில்லாமல் இருந்த மாதங்களில் தோழியின் தந்தை காலமானார். அன்றிரவே தோழி வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். தாதி அதைப் படித்தார். நீலக் குறியும் விழுந்தது. ஆனால் பதில் போகவில்லை. அவர் துக்க வீட்டுக்கும் போகவில்லை, மண்டாய் தகனச்சாலைக்கும் போகவில்லை, பதினாறாம் நாள் காரியத்துக்கும் போகவில்லை. நல்லதற்குப் போகாவிட்டாலும் கெட்டதற்குப் போகவேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்த வழக்கத்தில் ஊறிய இருவருக்கிடையே இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்ய எனக்கு ஓர் அளவுகோல் உதவுகிறது. கடிதத்தைப் படித்து முடித்தவுடன் தோழி என்ன வேலை செய்ய வேண்டியிருக்கும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நடந்ததை அவளே நினைவூட்ட வேண்டியிருக்குமா, எழுதியவரை அவளே தேற்ற வேண்டியிருக்குமா, உடனடியாக ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்குமா? காயப்பட்டவளின்மேல் சுமத்தும் வேலை குறையக் குறையக் கடிதம் நல்ல கடிதமாகிறது என்பது என் முடிவு.

முதல் வழியை இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். தீபாவளியன்று விளக்குப் படத்துடன் ஒரு வாழ்த்தை அனுப்பிவிட்டால் பேச்சு தானாகத் தொடர்ந்துவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. அது முற்றிலும் வீணான நம்பிக்கையும் அல்ல. பெகி லியூவும் உடன் ஆய்வாளர்களும் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், தொடர்பு விட்டுப்போனவர்களுக்கு ஒரு சிறு செய்தி அனுப்புவோர், அதைப் பெறுபவர் எவ்வளவு மகிழ்வார் என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று தெரியவந்தது. வேலை மாறியோ குழந்தை பிறந்தோ பேச்சு தானாகத் தேய்ந்துபோன நட்புக்கு இந்த முடிவு அப்படியே பொருந்தும். அங்கே வாழ்த்தே போதும். ஆனால் நாம் பேசும் நட்பில் நடுவே ஒரு மரணம் நிற்கிறது. தந்தையை இழந்த ஆண்டில் அந்த வீட்டில் தீபாவளியே கொண்டாடாமல் இருந்திருக்கலாம். அந்த வீட்டுக்கு வரும் வாழ்த்து, தந்தை இறந்த செய்தியை எழுதியவர் மறந்தேவிட்டார் என்ற பொருளைத்தான் தரும். அதோடு, விட்டுப்போனதைப் பற்றி யார் முதலில் பேசுவது என்ற வேலையும் தோழியின் தலையில் விழும். அவள் பேசினால் குறை சொல்பவளாகத் தோன்றுவாள். பேசாவிட்டால் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு சிரிக்க வேண்டியிருக்கும். ஆகவே, இடையில் குறிப்பான ஒரு நிகழ்வு தவறிப்போயிருந்தால் முதல் வழி வேண்டாம் என்பேன்.

இரண்டாவது வழிதான் சோர்விலிருந்து எழுந்துவரும் பலரும் இயல்பாகத் தேர்ந்தெடுப்பது. தாதியின் முதல் வரைவும் அப்படித்தான் நான்கு பக்கங்களுக்கு நீண்டிருந்தது. உறக்கம் எப்படிக் கெட்டது, இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்தபின் கைத்தொலைபேசியை ஏன் தலையணைக்கு அடியில் தள்ளிவைத்தார், பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் என்ன கேட்டார், மாத்திரை தொடங்கிய முதல் வாரங்கள் எப்படி இருந்தன என்று எல்லாம் அதில் இருந்தது. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. தோழியின் தந்தையைப் பற்றிய பேச்சு மூன்றாம் பக்கத்தில்தான் வந்தது. அதுவும் இரண்டு வரிகள். இடையிடையே, "நான் ஒரு மோசமான பிறவி", "உன்னைப் போன்ற ஒரு தோழிக்கு நான் தகுதியற்றவள்" என்ற வரிகள் பலமுறை வந்தன.

இந்த வரிகளை எழுதவைப்பது எது என்று தெரிந்துகொள்வது முக்கியம். அளவுக்கு மீறிய குற்றவுணர்வும் தான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணமும் மனச்சோர்வின் அறிகுறிகளாக மருத்துவ நூல்களில் குறிப்பிடப்படுபவை. ஆகவே நோய் முழுதும் விலகாத நாளில் எழுதும் மன்னிப்புக் கடிதத்தில், உண்மையில் செய்த தவறும் நோய் பெரிதாக்கிக் காட்டும் தவறும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. படிப்பவள் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க மாட்டாள். அவள் செய்யக்கூடியது ஒன்றுதான்: தன் துக்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, "அப்படியெல்லாம் நினைக்காதே, நீ நல்லவள்" என்று தேற்றத் தொடங்குவாள். மன்னிப்புக் கேட்க வந்தவர் ஆறுதல் பெற்றுக்கொண்டு போவார். தந்தையை இழந்தவளுக்கு எதுவும் கிடைக்காது. இது கொடுமையான கணக்கு, அதுவும் நல்ல மனத்தோடு எழுதிய கடிதத்தால் நேர்வது.

விரிவான கடிதத்துக்கு வேறோர் எல்லையும் உண்டு. எழுத்தில் கொடுத்தது எழுதியவரின் கையில் இருப்பதில்லை. தோழி எவ்வளவு நம்பகமானவளாக இருந்தாலும், அவளுடைய கணவர் அதைப் பார்க்கலாம், அம்மாவிடம் அவள் வாசித்துக் காட்டலாம். எந்த மருத்துவர், எந்த மாத்திரை, எத்தனை நாள் விடுப்பு என்பவற்றில் மூன்றாம் மனிதர் படித்தால் பொறுக்க முடியாதது எதுவோ அது கடிதத்தில் இருக்கக்கூடாது. அதை நேரில் பேசிக்கொள்ளலாம். இதற்காகக் காரணத்தையே மறைத்து, "உடம்பு சரியில்லாமல் இருந்தது" என்று எழுதுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படி எழுதினால் தோழி பதறிப்போய் என்ன நோய், எந்த மருத்துவமனை என்று கேட்பாள். அடுத்த பொய்யை அங்கே சொல்ல வேண்டிவரும். மனச்சோர்வு என்ற பெயரைச் சொல்லிவிடுவது இரண்டு பேருக்கும் எளிது. 2016ஆம் ஆண்டு சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி இங்கே ஏறக்குறைய 16 பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது கடுமையான மனச்சோர்வுக்கு ஆளாகிறார். தோழியின் உறவுக்குள்ளேயே அப்படி ஒருவர் இருந்திருக்கக்கூடும். அவளுக்கு அந்தச் சொல் புதிதாக இராது.

மூன்றாவது வழியான குறுங்கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு ராய் லெவிக்கியும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஓரளவு வழிகாட்டுகிறது. மன்னிப்புக் கேட்பதில் அடங்கும் ஆறு கூறுகளை அவர்கள் ஒப்பிட்டார்கள்: வருத்தத்தைச் சொல்வது, என்ன நடந்தது என்று விளக்குவது, பொறுப்பை ஏற்பது, இனி அப்படிச் செய்யமாட்டேன் என்பது, சரிசெய்ய முன்வருவது, மன்னிக்கும்படி வேண்டுவது. கேட்பவர்களுக்கு மிக முக்கியமாகப் பட்டது பொறுப்பை ஏற்பது; அடுத்தது சரிசெய்ய முன்வருவது. மன்னிக்கும்படி வேண்டுவதுதான் கடைசியில் வந்தது. அந்த ஆய்வு வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவரின் பழைய தவறு என்ற சூழலை வைத்து நடந்தது. இருபது ஆண்டு நட்புக்கு அதை அளவெடுத்து மாட்டிவிட முடியாது. ஆனாலும் அந்த வரிசையை நட்புக்கும் ஏற்றதாகவே நான் காண்கிறேன். மன்னிக்கும்படி வேண்டும் வரி தோழியிடம் ஒரு பதிலைக் கேட்கிறது; பொறுப்பேற்கும் வரி அவளிடம் எதையும் கேட்பதில்லை.

இதன்படி தாதி தம் நான்கு பக்க வரைவை விட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். மீண்டும் மீண்டும் சுருக்கிய பிறகு கடிதம் இப்படி நின்றது:

"அப்பா தவறிய அன்றிரவு நீ அனுப்பிய செய்தியை நான் அப்போதே படித்தேன். படித்தும் பதில் எழுதவில்லை. வீட்டுக்கு வரவில்லை, மண்டாய்க்கு வரவில்லை, பதினாறாம் நாளுக்கும் வரவில்லை. உன் பக்கத்தில் நான் நின்றிருக்க வேண்டிய நாள்கள் அவை. நீ என்னைத் தேடியபோது நான் இல்லை. அதற்காக மிகவும் வருந்துகிறேன்.

அந்த மாதங்களில் எனக்கு மனச்சோர்வு இருந்தது. மருத்துவரைப் பார்த்து வருகிறேன், இப்போது தேறியிருக்கிறேன். யாருக்குமே பதில் எழுத முடியாமல் இருந்தேன். உன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை.

தேர்வு நேரத்தில் நாம் உன் வீட்டில் படித்துக்கொண்டிருந்தபோது, அப்பா வேலை முடிந்து களைத்து வந்தாலும் நமக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார். அதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஆண்டுத் திதிக்கு நான் வரலாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். வரச் சொன்னால் காலையிலேயே வந்து சமையலில் கைகொடுக்கிறேன். இதற்கு உடனே பதில் எழுத வேண்டியதில்லை."

இந்தக் கடிதத்தின் முதல் வரியைக் கவனிக்க வேண்டும். நீலக் குறியைத் தோழி பார்த்திருக்கிறாள். "செய்தி கண்ணில் படவில்லை" என்ற சமாதானம் அவளிடம் எடுபடாது என்பது ஒருபுறமிருக்க, படித்ததை ஒப்புக்கொள்வதுதான் அவளுடைய பெரிய கேள்விக்கு விடை. தன் தந்தையின் மரணச் செய்தி அங்கே போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தும் பொருட்படுத்தப்படவில்லையா என்று அவள் மாதக்கணக்கில் யோசித்திருப்பாள். அடுத்து, வராமல் போன இடங்களைத் தனித்தனியாகச் சொல்லியிருப்பது. "உன் கஷ்ட காலத்தில் உடன் இல்லை" என்று பொதுவாக எழுதியிருந்தால், எதை எதை அறிந்து எழுதுகிறாள் என்று தோழியே நிரப்பிப் படிக்க வேண்டியிருக்கும். மனச்சோர்வைப் பற்றிய பகுதி, பொறுப்பேற்ற பிறகே வருகிறது. இடையில் "ஆனால்" என்ற சொல் இல்லை. அந்தச் சொல் வந்திருந்தால் அதற்கு முன் எழுதியவை அத்தனையும் சமாதானமாக மாறியிருக்கும். "உன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை" என்ற வரியை நான் எந்தக் கடிதத்திலிருந்தும் எடுக்க விடமாட்டேன். பேச்சு நின்றுபோனால், தான் என்ன தவறு செய்தோம் என்று மறுமுனையில் இருப்பவர் தேடத் தொடங்குவது இயல்பு. அந்தத் தேடலை நிறுத்தும் வரி அது.

மைலோ பற்றிய வரிகள் மன்னிப்பின் எந்தக் கூறிலும் அடங்காதவை. ஆனால் துக்க வீட்டுக்கு வருபவர்கள் இறந்தவரைப் பற்றி ஏதாவதொன்றை நினைவுகூர்ந்து சொல்வார்கள். தோழிக்கு இந்த ஒருவரிடமிருந்து அது கிடைக்கவில்லை. தாமதமாக வந்தாலும் அது அவளுக்குச் சேரவேண்டிய ஒன்று.

குறுங்கடிதத்துக்கும் குறை உண்டு. அளவுக்கு மீறிச் சுருக்கினால் அலுவலகக் கடிதம்போல வறண்டுவிடும்; நெருங்கியவளுக்கு அது புது வலியைத் தரும். வறட்சியைக் கண்டுபிடிப்பது எளிது. பெயரை மாற்றினால் இதே கடிதத்தை வேறொரு தோழிக்கும் அனுப்ப முடியும் என்றால், அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது எதுவும் அதில் இல்லை என்று பொருள். எதிர்ப்பக்கத்துப் பிழையைக் கண்டறிய, தோழி ஆறுதல் சொல்லியே ஆகவேண்டிய வரிகளுக்கு அடிக்கோடு இட்டுப் பார்க்கலாம். தாதியின் முதல் வரைவில் பக்கத்துக்குப் பக்கம் அப்படி அடிக்கோடுகள் விழுந்தன.

எதை எழுதுவது என்று தீர்மானித்த பிறகு எப்படி அனுப்புவது என்ற கேள்வி வருகிறது. தொலைபேசி அழைப்புக்கு ஆதரவாக ஒரு நல்ல சான்று இருக்கிறது: அமித் குமாரும் நிக்கோலஸ் எப்ளியும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பர்களிடம் குரலில் பேசியவர்கள் எழுத்தில் தொடர்புகொண்டவர்களைவிட அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள், அவர்கள் அஞ்சிய சங்கடமும் நேரவில்லை. இருந்தும் முதல் தொடர்புக்கு அழைப்பை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். அழைப்பை எடுப்பவள் அந்த நொடியிலேயே ஏதாவது சொல்லியாக வேண்டும். கோபத்தைக்கூட அவள் அடக்கிக்கொள்ள நேரும். கடிதம் அவளுக்கு அவகாசம் தருகிறது. அவள் பதில் எழுதிய பிறகு, இரண்டாவது படியாக அழைப்பது நல்லது. அந்த ஆய்வின் பயன் அங்கேதான். குரல்பதிவு இரண்டுக்கும் நடுவில் இருப்பதாகத் தோன்றினாலும், அழுகை கலந்த நீண்ட பதிவு விரிவான கடிதத்தின் குறைகளையே கொண்டுவரும்.

தாளில் எழுதுவதா வாட்ஸ்அப்பில் எழுதுவதா என்பதில் இடத்தையும் பார்க்க வேண்டும். பதில் போகாத அந்தச் செய்திகள் எல்லாம் வாட்ஸ்அப் திரையில் வரிசையாக நிற்கின்றன. புதுக் கடிதம் அவற்றுக்கு நேர்கீழே போய் விழும். படித்துவிட்டாள் என்ற நீலக் குறியை இம்முறை எழுதியவர் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். தோழிக்கும் அது தெரியும். தாளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வீவக அடுக்குமாடி புளோக்குகளில் கடிதப்பெட்டி கீழ்த்தளத்தில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரே பெட்டி. கட்டணச் சீட்டுகள் பெரும்பாலும் இணையத்துக்குப் போய்விட்டதால் சிலர் அதை நாள்கணக்கில் திறப்பதேயில்லை. திறப்பவர் மாமியாராகவும் இருக்கலாம். ஆகவே தாதி தாளில் எழுதி உறையில் தோழியின் பெயரை முழுமையாகக் குறிப்பிட்டு அனுப்பினார். கூடவே, "உனக்கு ஒரு கடிதம் அஞ்சலில் போட்டிருக்கிறேன், நீயே திறந்து படி, நிதானமாகப் படித்தால் போதும்" என்று ஒரே வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தாள் கடிதம் மிகையாகத் தோன்றும் நட்பாக இருந்தால், அதே சொற்களை ஒரே செய்தியாக வாட்ஸ்அப்பில் அனுப்புவதில் குறையில்லை. துண்டுதுண்டாக அனுப்புவது மட்டும் கூடாது. பாதியில் அவள் பதில் எழுதத் தொடங்கிவிடுவாள்.

எப்போது அனுப்புவது என்பதற்கு என் விடை சுருக்கமானது. கடிதத்தில் முன்வந்த உதவியைச் செய்ய உடம்பிலும் மனத்திலும் வலு வந்திருக்க வேண்டும். திதியன்று காலையில் வருவேன் என்று எழுதிவிட்டு மறுபடியும் வராமல் போவது முதல் மௌனத்தைவிட மோசமானது. வலு இன்னும் வரவில்லை என்றால், "நான் நலமாக இல்லை, உன் செய்தியைப் படித்தேன், தேறியதும் எழுதுகிறேன்" என்ற மூன்று துண்டுகளை மட்டும் அனுப்பலாம். எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டு விடைபெறும் தொனியில் வரைவு போகிறது என்றாலோ, தான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்ற எண்ணம் அதில் தலைகாட்டுகிறது என்றாலோ, கடிதத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேச வேண்டும். 1767 என்ற எண்ணில் சிங்கப்பூர் சமாரித்தன்கள் அமைப்பை எந்நேரமும் அழைக்கலாம்.

தோழியின் பதில் பல வடிவங்களில் வரலாம். "பரவாயில்லை, நீ தேறினால் போதும்" என்று உடனே வரும் பதில் அன்பானது. ஆயினும் அதோடு விஷயம் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. தந்தையின் கடைசி நாள்களைப் பற்றி அவளாகவே பேசத் தொடங்கும்போதுதான் வழி திறந்திருக்கிறது; அப்போது எழுதியவர் தம் நோயைப் பற்றிப் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கோபமான பதில் வந்தால் அதையும் நல்ல அறிகுறியாகவே நான் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் விட்டுவிட நினைப்பவர்கள் கோபித்துக்கொள்ள மெனக்கெடுவதில்லை. பதிலே வராவிட்டால் இரண்டாவது மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம். சில வாரங்கள் கழித்து, எதையும் கேட்காத ஒரு சிறு செய்தி போதும். அதற்குப் பின் காத்திருக்க வேண்டும், அவள் காத்திருந்ததைப்போல.

பேச்சு மீண்டும் தொடங்கிவிட்டால், இன்னொரு ஏற்பாட்டையும் பேசிவைப்பது நல்லது. மனச்சோர்வு சிலருக்குத் திரும்பி வரக்கூடியது. ஆகவே "இனி ஒருபோதும் இப்படி நடக்காது" என்று முதல் கடிதத்தில் வாக்களிக்காமல் விட்டது சரியே. அதற்குப் பதிலாக, அடுத்த முறை எழுத முடியாமல் போனால் ஒற்றைப் புள்ளியை மட்டும் அனுப்புவது என்றும், அது வந்தால் தோழி பதில் எதிர்பார்க்காமல் இருப்பது என்றும், அவள் வீட்டில் அவசரம் என்றால் தாதியின் அக்காவை அழைப்பது என்றும் இருவரும் நேரில் பேசி முடிவு செய்துகொண்டார்கள்.